பிந்தி வந்த பெட்டி முந்திப் போகவேண்டும்

மருந்துக் களஞ்சியத்தில் முதலில் வந்ததை முதலில் கொடுப்பது எப்போதும் சரிவராது. முதலில் காலாவதியாவதே முதலில் வெளியேறவேண்டும். 2022 நெருக்கடியில் புலம்பெயர் உறவுகளும் வெளிநாடுகளும் மருந்து அனுப்பியதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். நன்கொடை மருந்துக்கு ஆகக் குறைந்தது ஓராண்டு ஆயுள் மீதமிருக்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். ஆனாலும் குறுகிய ஆயுளுடன் பெட்டிகள் வருவதுண்டு.

ஜெயபுரம் போன்ற ஒரு கிராமத்து மருந்தறையைக் கற்பனையாக எடுத்துக் கணக்குப் பார்க்கிறேன். சனவரியில் வந்த நீரிழிவு மாத்திரை அடுத்த ஆண்டு டிசம்பரில் காலாவதியாகும். மார்ச் கடைசியில் நன்கொடையாக வந்த 24,000 மாத்திரைகளோ இந்த செப்டெம்பர் முடிவிலேயே காலாவதி. மாதத் தேவை 3,000. பிந்தி வந்த பெட்டியைத்தான் முன்தட்டில் வைக்கவேண்டும்.

அது மட்டும் போதாது. நோயாளிக்கு ஒரு மாத மருந்து கொடுக்கிறோம். ஆகவே கடைசி விநியோகம் ஓகஸ்டில் முடியவேண்டும். ஏப்ரல் முதல் ஐந்து மாதத்தில் 15,000 மட்டுமே செலவாகும். மீதி 9,000 மாத்திரைகளை ஏப்ரலிலேயே வேறு வைத்தியசாலைக்கு மாற்றினால் அங்கே பயன்படும். ஓகஸ்ட் வரை வைத்திருந்தால் அழிக்கத்தான் வேண்டிவரும்.

இதற்கு இருப்பு அட்டையில் ஒவ்வொரு தொகுதிக்கும் தனி வரி வேண்டும்: தொகுதி இலக்கம், காலாவதித் திகதி, மீதி. மொத்தத்தை மட்டும் எழுதினால் இந்த 9,000 கண்ணில் படாது. இரண்டு தொகுதி மாத்திரைகளை ஒரே போத்தலில் கொட்டவும் கூடாது. தரக்குறைவென ஒரு தொகுதி மீளப்பெறப்பட்டால் பிரித்தெடுக்க வழியில்லை.