சாங்கி வரைபடம் எப்போது சிக்கலாகிறது?

2024 ஜூலையில் ஜியோ, ஏர்டெல், வோடபோன் ஐடியா மூன்றும் கட்டணத்தை உயர்த்தின. கூமாப்பட்டி ரீசார்ஜ் கடையொன்றில் 1,000 வாடிக்கையாளர்கள், நான்கு திட்டங்கள் என்று வைத்துக்கொள்வோம். சாங்கி வரைபடத்தில் உயர்வுக்கு முந்தைய திட்டங்கள் இடப்பக்கம், பிந்தையவை வலப்பக்கம். இடையே ஓடும் பட்டையின் அகலமே ஆட்களின் எண்ணிக்கை. 1898-இல் நீராவி எஞ்சினின் ஆற்றல் இழப்பை சாங்கி என்பவர் காட்டியதும் இப்படித்தான்.

நான்கு திட்டங்களுக்கு அதிகபட்சம் 16 பட்டைகள், கண் தாங்கும். எட்டானால் 64. 400 பிக்சல் உயரப் படத்தில் ஐந்து பேரின் மாற்றம் வெறும் 2 பிக்சல் கோடு. மாறாதவர்களின் தடித்த பட்டைகள் குறுக்கிட்டால் அது மறைந்தேபோகும்.

மூன்று மாதங்களை வரைந்தால் இதைவிடப் பெரிய சிக்கல். நடுமாதக் கட்டத்தில் பட்டைகள் கலந்துவிடுவதால், மலிவுத் திட்டத்துக்கு இறங்கியவரே திரும்ப ஏறினாரா, வேறொருவர் ஏறினாரா என்று படம் சொல்லாது. அந்தக் கேள்விதான் முக்கியமென்றால், ஒவ்வொருவரின் மூன்று மாதப் பாதையையும் தனித்தனியே எண்ணி அட்டவணையாகவே போடுங்கள்.