ஓவர்டைம் கணக்கும் ஒரு பழைய எண்ணும்

கம்போங் மேடானில் எங்கள் எதிர்வீட்டுத் தம்பி அலுவலகக் குமாஸ்தா. சம்பளம் 3,200 ரிங்கிட். "2,000 ரிங்கிட்டுக்கு மேல் வாங்கினால் ஓவர்டைம் கிடையாதாம் அக்கா" என்று நிறுவனம் கொடுத்த தாளைக் காட்டினான். சேர்ந்தது 2022 அக்டோபரில்.

சட்டத்துறைத் தலைவர் அலுவலகத்தின் lom.agc.gov.my தளத்தைத் திறந்தோம். Employment Act 1955 என்று தேடினால் 265-ஆவது சட்டம் வரும். கையில் கிடைத்த பிரதி எந்தத் தேதி வரையிலான திருத்தங்களைச் சேர்த்தது என்று முதலில் பாருங்கள். பழைய மறுபதிப்பில் 2,000 என்றே இருக்கும். நிறுவனத்தின் தாளும் அங்கிருந்து வந்ததுதான் போலும்!

அந்த எல்லை இருப்பது சட்டத்தின் முதல் அட்டவணையில். அதைத் திருத்திய அரசிதழ் உத்தரவு P.U.(A) 262/2022. விதிகளும் உத்தரவுகளும் A வரிசையில் வரும். நடப்புக்கு வரும் நாள் போன்ற அறிவிப்புகள் B வரிசையில். உத்தரவைத் திறந்தால் எல்லை 4,000 ஆகியிருந்தது. தம்பி துள்ளினான். நடப்புத் தேதி 2022 செப்டம்பர் 1 என்றிருந்ததே!

பலர் இங்கே நிறுத்திவிடுவார்கள். Amendment of First Schedule என்ற தலைப்பையே மறுபடி தேடி, பிந்தைய உத்தரவுகளையும் பார்க்க வேண்டும். திருத்தத்துக்கே திருத்தம் வந்து, அந்தத் தேதி 2023 ஜனவரி 1-க்குத் தள்ளிப்போயிருந்தது.

தம்பி முதல் மூன்று மாதத்தை அடித்துவிட்டு, மீதிக்குக் கணக்குப் போட்டான். இரண்டு உத்தரவுகளையும் அச்செடுத்து மனுவோடு இணைத்திருக்கிறான்.