ரேட்டைக் குறைக்கச் சொல்லி ஒரு கடிதம்

பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதம்தான் ஸ்டேஷனரி கடைக்காரருக்கு அறுவடைக் காலம். அந்த மாதத்துக்கான பேரம் பிப்ரவரியிலேயே முடிந்திருக்க வேண்டும். சிவகாசி அச்சகங்கள் காலண்டர், டைரி வேலையை முடித்துவிட்டு நோட்டு வேலையில் இறங்கும் சமயம் அது. மொத்த வியாபாரிகள் தங்கள் ஆர்டரை அப்போதுதான் அச்சகத்துக்குச் சொல்வார்கள். மே கடைசியில் போன் போட்டு "கொஞ்சம் பார்த்துப் போடுங்க அண்ணாச்சி" என்றால், பார்த்துப் போட அவரிடம் எதுவும் மிச்சமிருக்காது.

தேனி மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர்க் கடையை எடுத்துக்கொள்வோம். சரக்கு மதுரையிலிருந்து வருகிறது. 192 பக்க லாங் சைஸ் நோட்டு ஒன்றுக்கு இப்போதைய ரேட் 42 ரூபாய், தவணை 30 நாள். (கணக்குப் பார்க்க வசதியாக நான் வைத்துக்கொண்ட எண்கள் இவை. உங்கள் பில்லில் உள்ளதைப் போட்டுப் பாருங்கள்.) சீசன் முழுக்க 2,400 நோட்டு போகும். கடைக்காரர் இப்படி எழுதுகிறார்:

"அண்ணாச்சி அவர்களுக்கு வணக்கம்.

போன சீசனில் உங்களிடம் நான்கு தடவையாக 2,280 நோட்டு எடுத்தேன். பில் நகல்கள் இணைத்திருக்கிறேன். எல்லாப் பாக்கியும் 30 நாளுக்குள் கட்டியாகிவிட்டது.

இந்த வருடம் 2,400 நோட்டை ஒரே ஆர்டராக எடுக்க நினைக்கிறேன். 1,500 கோடு போட்டது, 900 கோடு போடாதது. லாங் சைஸ், 192 பக்கம், 58 ஜி.எஸ்.எம். தாள், போன வருடம் அனுப்பிய அதே தரம். ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரே லோடாக அனுப்பினால் போதும்.

ஆர்டரோடு 30 சதவீதம் முன்பணம் தருகிறேன். மீதி சரக்கு இறங்கிய அன்றே பேங்கில் போட்டுவிடுகிறேன். இந்த ஏற்பாட்டுக்கு நோட்டு ஒன்றுக்கு 39 ரூபாய் 50 காசு போட்டுத் தர வேண்டுகிறேன். லாரி வாடகை யார் பொறுப்பு என்பதையும் எழுதுங்கள்.

ஜூலை 15-க்குள், கட்டுப் பிரிக்காத நோட்டில் 200 வரைக்கும் கோடு போட்டதுக்குப் போடாததாகவோ வேறு சரக்காகவோ மாற்றித் தர முடியுமா என்றும் தெரிவியுங்கள். மார்ச் 5-க்குள் பதில் கிடைத்தால் முன்பணத்தை அனுப்பிவிடுவேன்."

இந்தக் கடிதத்தில் கெஞ்சல் இல்லை. "வியாபாரம் சரியில்லை, போட்டி அதிகமாகிவிட்டது" என்ற புலம்பலும் இல்லை. அதைத்தான் முதலில் பாராட்டுவேன். ஒவ்வொரு வரியும் மொத்த வியாபாரியின் ஏதாவது ஒரு செலவையோ கவலையையோ குறைக்கிறது. நான்கு லோடு ஒன்றாகிறது. அச்சகத்தில் எவ்வளவு சொல்ல வேண்டும் என்று அவருக்கு முன்கூட்டியே தெரிகிறது. பணம் 30 நாள் வெளியே நிற்பதில்லை.

அந்தக் கடைசி விஷயத்தின் மதிப்பு எவ்வளவு? 2,400 நோட்டு, 42 ரூபாய் வீதம் 1,00,800 ரூபாய். மாதம் ஒன்றரை வட்டி என்றால் ஒரு மாதத்துக்கு 1,512 ரூபாய், அதாவது நோட்டுக்கு 63 காசு. ரொக்கம் தருகிறேன் என்பதற்காக மட்டும் கேட்கக்கூடிய நியாயமான குறைப்பு அவ்வளவுதான். கடைக்காரர் கேட்டிருப்பது இரண்டரை ரூபாய். மீதியை அளவும் முன்கூட்டிய ஆர்டரும்தான் சம்பாதித்துத் தர வேண்டும். முழுதாகக் கிடைக்காது, பாதி வழியில் முடியும் என்று தெரிந்தே கேட்க வேண்டிய தொகை இது.

தாளைப் பற்றிய வரிதான் பலர் விட்டுவிடுவது. ரேட்டை மட்டும் குறைக்கச் சொன்னால், குறைந்த ரேட்டுக்கு ஏற்ற மெல்லிய தாளில் நோட்டு வரும். அட்டை அதே அட்டைதான், பக்கமும் 192-தான், அதனால் கண்ணுக்குத் தெரியாது. தராசுக்குத் தெரியும். 27-க்கு 17 சென்டிமீட்டர் அளவுள்ள 192 பக்க நோட்டில் 96 தாள் இருக்கிறது. தாளில் ஒரு ஜி.எஸ்.எம். குறைந்தால் நோட்டின் எடையில் சுமார் நாலரை கிராம் குறையும். 58-க்குப் பதில் 52 வந்தால் ஒரு டஜனுக்கு 300 கிராமுக்கு மேல் வித்தியாசம். போன வருடத்து நோட்டு ஒரு டஜனைத் தனியாக எடுத்துவைத்திருந்தால், கடைத் தராசிலேயே இரண்டையும் போட்டுப் பார்த்துவிடலாம். ஈரப்பதத்தால் சில கிராம் கூடக் குறைய இருக்கும். 300 கிராமுக்கு அந்தக் காரணம் செல்லாது. தாளில் பத்து சதவீதத்தை இழந்து ரேட்டில் ஆறு சதவீதம் வாங்கியவர் லாபம் பார்த்தவர் அல்ல. பேனா மை பின்பக்கம் ஊறுகிறது என்று பிள்ளைகள் நோட்டைத் திருப்பிக்கொண்டு வரும்போது பதில் சொல்ல வேண்டியவரும் அவரே.

வரி விஷயம் இப்போது சுலபமாகியிருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் நோட்டு, பென்சில், ரப்பர், ஷார்ப்னருக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. பேனாவுக்கு 18 சதவீதம் அப்படியே இருக்கிறது. அதனால் பேனாவும் சேர்த்துக் கேட்கிற கடிதத்தில் "வரி உட்பட" என்றோ "வரி நீங்கலாக" என்றோ எழுதியே ஆக வேண்டும். காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் கடைக்காரரால் அந்த 18 சதவீதத்தைத் திரும்ப எடுக்க முடியாது. அது முழுக்க அடக்கவிலையில் ஏறும்.

இனி நம் பக்கக் கணக்கு. இதைப் போடாமல்தான் பல கடைக்காரர்கள் ஏமாந்துபோகிறார்கள். 39.50-க்கே ஒத்துக்கொண்டார் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 6,000 ரூபாய். ஆனால் ஏப்ரல் கடைசியில் கொடுத்த 94,800 ரூபாய், சராசரியாக ஜூன் கடைசியில்தான் கல்லாவுக்குத் திரும்பும். அதே ஒன்றரை வட்டியில் இரண்டு மாதத்துக்கு 2,844 ரூபாய் போய்விடுகிறது. கையில் நிற்பது 3,156 ரூபாய்.

அந்த 3,156-ஐயும் விழுங்கக்கூடியது விற்காத சரக்கு. 200 நோட்டு தங்கினால் 7,900 ரூபாய் பரணில் உட்கார்ந்துவிடும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டு இலவசமாகவே கிடைக்கிறது. கடைக்கு வருவது பெரும்பாலும் தனியார் பள்ளிப் பிள்ளைகள். பக்கத்துப் பள்ளி திடீரென்று "இந்த வருடம் நோட்டைப் பள்ளியிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டால் மதிப்பீடு முழுவதும் சரியும். ஆர்டர் போடும் முன் அந்தப் பள்ளி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்பது நல்லது. என்னைக் கேட்டால், மாற்றித் தரும் வசதிக்காக ரேட்டில் ஐம்பது காசை விட்டுக்கொடுக்கலாம் என்பேன்.

மதுரையிலிருந்து பதில் இப்படி வருகிறது: "ரொக்கம் என்றால் 40.25. பழையபடி 30 நாள் தவணை என்றால் 40.50. இரண்டிலும் 100 நோட்டு வரை மாற்றித் தரலாம்." முதல் பார்வைக்கு 40.25-தான் கையை இழுக்கும். கணக்குப் போடுங்கள். 40.25-இல் மிச்சம் 4,200. இரண்டு மாத வட்டி 2,898 போக 1,302 நிற்கும். 40.50-இல் மிச்சம் 3,600. வட்டி ஒரு மாதத்துக்குத்தான், 1,458. நிற்பது 2,142. கால் ரூபாய் கூடக் கொடுத்து வாங்கும் சரக்கில் 840 ரூபாய் அதிகம் கிடைக்கிறது. பணம் வங்கியில் சும்மா கிடப்பவருக்கு இந்தக் கணக்கு மாறும். கடன் வாங்கிச் சரக்கு எடுப்பவருக்கு மாறாது.

அதனால் கடைக்காரர் 40.50-க்கு ஒத்துக்கொள்கிறார். முன்பணம் 30 சதவீதத்துக்குப் பதிலாக 10 சதவீதம் தருவதாக எழுதுகிறார், லாரி வாடகையை மதுரையே ஏற்கும்படி கேட்கிறார். ஜி.எஸ்.எம்., தவணை நாள், மாற்றித் தரும் 100 நோட்டு மூன்றையும் ஆர்டர் ரசீதிலேயே எழுதி அனுப்பச் சொல்கிறார்.