வெள்ளைக் கரை போட்ட ஸ்டிக்கர்

வாட்ஸாப்பில் வந்து விழும் ஸ்டிக்கர் பார்வைக்கு ஒழுங்கற்ற வடிவத்தில் இருந்தாலும், உண்மையில் அது 512 பிக்சல் அகலமும் 512 பிக்சல் உயரமும் கொண்ட ஒரு சதுரப் படம். உருவம் இருக்கும் இடம் தவிர மற்ற இடமெல்லாம் ஊடுருவித் தெரியும்படி விடப்பட்டிருப்பதால் சதுரம் கண்ணில் படுவதில்லை. இப்படி விடுவதற்கு ஒவ்வொரு பிக்சலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிற அளவுகளுடன் நான்காவதாக ஆல்பா என்ற அளவையும் வைத்திருக்கிறது. ஆல்பா பூஜ்யமாக இருந்தால் அந்தப் பிக்சல் தெரியாது. முழு அளவில் இருந்தால் கெட்டியாகத் தெரியும். இடைப்பட்ட அளவில் பாதி மறைத்துப் பாதி காட்டும். உருவத்தின் ஓரம் வழவழப்பாக அமைவது இந்த இடைப்பட்ட பிக்சல்களால்தான்.

உருவத்தைச் சுற்றி வெள்ளைக் கரை போடுவதற்குக் காரணம், ஸ்டிக்கர் எந்தப் பின்னணியில் போய் உட்காரும் என்று செய்பவருக்குத் தெரியாது என்பதே. ஒருவர் வெளிர் நிறத் திரை வைத்திருப்பார். இன்னொருவர் கறுப்புத் திரை வைத்திருப்பார். மூன்றாமவர் குடும்பப் படத்தையே பின்னணியாக்கியிருப்பார். கரை இல்லாத கறுத்த முடி கறுப்புத் திரையில் கரைந்துபோய் முகம் மட்டும் மிதக்கும். வெள்ளைக் கரை உருவத்துக்கும் பின்னணிக்கும் நடுவே ஒரு வரப்பாக நின்று இரண்டையும் பிரிக்கிறது. வெட்டும்போது ஓரத்தில் நேர்ந்த சிறு கோணல்களும் அதை ஒட்டி அடங்கிவிடும்.

வாட்ஸாப் தன் ஸ்டிக்கர்களுக்கு வகுத்திருக்கும் அளவுகள் தெளிவானவை. படம் 512-க்கு 512 பிக்சல், வெப்பி வடிவக் கோப்பு, அசையாத ஸ்டிக்கருக்கு 100 கிலோபைட்டுக்குள் எடை. உருவத்தின் வெளிப்புறம் 8 பிக்சல் தடிமனில் வெள்ளைக் கரை இருப்பதும், கரைக்கும் சதுரத்தின் விளிம்புக்கும் இடையே 16 பிக்சல் வெற்றிடம் இருப்பதும் அது பரிந்துரைப்பவை. இவற்றை வைத்தே உருவத்தின் சரியான அளவைக் கணக்கிடலாம். 512-இல் இரு பக்கமும் 16 போனால் 480. அதில் இரு பக்கக் கரைக்கும் 8 வீதம் போனால் 464. ஆகவே வெட்டிய உருவத்தின் நீண்ட பக்கம் 464 பிக்சல் இருக்க வேண்டும்.

வெட்டுதல்

கைப்பேசியில் எடுத்த ஒரு படத்தில், மண்தரையில் உட்கார்ந்திருக்கும் பழுப்பு நிற நாய் ஒன்று 1,500 பிக்சல் அகலமும் 2,320 பிக்சல் உயரமும் உள்ள இடத்தை அடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். இதை ஸ்டிக்கராக்க கணினியில் இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் மென்பொருள் போதும். இங்கே தரப்படும் மெனுப் பெயர்கள் அதன் 2.10 பதிப்பில் உள்ளவை.

படத்தின் நகல் ஒன்றைத் திறந்து, முதலில் Layer > Transparency > Add Alpha Channel என்பதை அழுத்த வேண்டும். கேமராவிலிருந்து வரும் ஜேபெக் படத்தில் ஆல்பா கிடையாது. இந்தப் படியை விட்டுவிட்டால் பிறகு அழிக்கும் இடமெல்லாம் வெற்றிடமாகாமல் வெள்ளையாக நிரம்பும். அடுத்து Free Select கருவியால் நாயின் ஓரம் வழியே புள்ளி புள்ளியாகச் சொடுக்கிச் சுற்றி வந்து, தொடங்கிய புள்ளியில் முடித்து Enter அழுத்த வேண்டும். வளைவில் நெருக்கமாகவும் நேர்க்கோட்டில் இடைவிட்டும் புள்ளி வைத்தால் போதும்.

முடிக்கற்றைகளை ஒவ்வொன்றாகப் பின்தொடர்வது வீண்வேலை. நாயின் படம் 2,320-லிருந்து 464-க்குச் சுருங்கும்போது ஐந்தில் ஒரு பங்காகிறது. மூல படத்தில் 3 பிக்சல் தடிமனுள்ள மீசைமுடி ஒரு பிக்சலுக்கும் குறைவாகி மங்கிப்போகும். எனவே முடியின் நுனிகளை விட்டுவிட்டு, அடர்த்தியான பகுதியின் ஓரமாகவே வெட்டுவது நல்லது.

தேர்வு முடிந்ததும் Select > Shrink மூலம் அதை 2 பிக்சல் உள்ளே இழுக்க வேண்டும். ஓரத்துப் பிக்சல்களில் நாயின் நிறமும் மண்ணின் நிறமும் கலந்திருக்கும். அவற்றை விட்டுவைத்தால் வெள்ளைக் கரைக்கும் உடலுக்கும் நடுவில் செம்மண் நிறத்தில் ஒரு மெல்லிய கோடு ஓடும். அதன்பின் Select > Invert கொடுத்து Delete அழுத்தினால் நாய் மட்டும் மிஞ்சும். சுற்றிலும் சாம்பல் நிறக் கட்டங்கள் தோன்றும். அந்தக் கட்டங்கள் வெற்றிடத்தைக் காட்டும் அடையாளமே தவிர படத்தின் பகுதி அல்ல.

சுருக்குதல்

கரை போடுமுன் படத்தைச் சுருக்கியாக வேண்டும். வரிசை மாறினால் கணக்கு கெடும். பெரிய படத்திலேயே 8 பிக்சல் கரை போட்டுவிட்டுப் பிறகு ஐந்தில் ஒரு பங்காகச் சுருக்கினால், கரையும் சுருங்கி 1.6 பிக்சலாகிவிடும். அரட்டைத் திரையில் அது இருப்பதே தெரியாது.

முதலில் Select > None கொடுத்துவிட்டு, Image > Crop to Content மூலம் சுற்றியுள்ள வெற்றிடத்தை நறுக்க வேண்டும். பிறகு Image > Scale Image-இல் உயரத்தை 464 என்று கொடுத்தால் அகலம் தானாகவே 300 ஆகும். அகலத்தையும் உயரத்தையும் பிணைக்கும் சங்கிலிக் குறி பூட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் நாய் நசுங்கியோ நீண்டோ போகும். அடுத்து Image > Canvas Size-இல் இரு பக்கமும் 512 கொடுத்து, Center அழுத்தி, எல்லா லேயர்களும் கூடவே விரியும்படி Resize layers என்ற இடத்தில் All layers தேர்ந்தெடுக்க வேண்டும். இப்போது நாயின் மேலும் கீழும் 24 பிக்சல் இடம் இருக்கும். கரைக்கு 8, வெற்றிடத்துக்கு 16. பக்கவாட்டில் தாராளமாகவே இடம் இருக்கும்.

நறுக்கும்போது வெற்றிடம் முழுதாகப் போகவில்லை என்றால், எங்கோ அழியாத பிக்சல்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று பொருள். அழிப்பானைப் பயன்படுத்தியிருந்தாலோ, பின்னணியைத் தானாக நீக்கும் செயலியிலிருந்து படத்தைப் பெற்றிருந்தாலோ இது அடிக்கடி நேரும். ஆல்பா மிகக் குறைவாக உள்ள இந்தப் பிக்சல்கள் வெள்ளைத் திரையில் தெரியவே தெரியா. படத்தின் அடியில் ஒரு கறுப்பு லேயரையும், அது போதாவிட்டால் ஒரு பளீர்ப் பச்சை லேயரையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தால் தூசியாகத் தலைகாட்டும். இப்போதே துடைத்துவிட வேண்டும். கரை போட்டால் ஒவ்வொரு தூசியையும் சுற்றி ஒரு வெண்திட்டு முளைக்கும். துடைத்து முடித்ததும் சோதனை லேயர்களை நீக்கிவிட்டு மறுபடி நறுக்கலாம்.

கரை போடுதல்

Layer > Transparency > Alpha to Selection கொடுத்தால், உருவத்தின் வடிவமே தேர்வாக மாறும். Select > Grow-இல் 8 என்று கொடுத்தால் அந்தத் தேர்வு எல்லாப் பக்கமும் 8 பிக்சல் விரியும். பிறகு Layer > New Layer மூலம் வெற்று லேயர் ஒன்றைச் சேர்த்து, தேர்வுக்குள் வெள்ளை நிரப்பி, அந்த லேயரை நாயின் லேயருக்குக் கீழே நகர்த்த வேண்டும். நாய்க்கு அடியிலிருந்து வெள்ளை 8 பிக்சல் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதுவே கரை. தனி லேயராக இருப்பதால், பிடிக்கவில்லை என்றால் அதை மட்டும் அழித்து வேறு தடிமனில் போடலாம். ஓரம் பல்பல்லாகத் தெரிந்தால், நிரப்புவதற்கு முன் Select > Feather-இல் 1 அல்லது 2 பிக்சல் கொடுப்பது போதும்.

உருவத்துக்குள் இருக்கும் சந்துகள் தனிக் கவனம் கேட்பவை. நாயின் முன்னங்கால்களுக்கு நடுவே மூல படத்தில் 60 பிக்சல் இடைவெளி இருந்தால், சுருங்கியபின் அது 12 ஆகிறது. இரு கால்களிலிருந்தும் கரை 8 வீதம் விரிந்தால் 16. ஆக அந்தச் சந்து முழுதும் வெள்ளையால் அடைபடும். 16-ஐவிடச் சற்றே அகலமான சந்தில் நடுவே ஊசி போல ஒரு ஓட்டை மிஞ்சும். சிறிய திரையில் அது அழுக்குப் புள்ளியாகத் தோன்றும். எல்லாப் பக்கமும் மூடிய ஓட்டையென்றால், தேர்வை விரித்த கையோடு Select > Remove Holes கொடுத்து நிரப்பிவிடலாம். இடுப்பில் கை வைத்து நிற்பவரின் படத்தில் கைக்கும் உடலுக்கும் நடுவே உள்ளது போன்ற பெரிய இடைவெளியை அப்படியே விடுவதுதான் அழகு. அத்தகைய படத்தில் அந்தக் கட்டளையைத் தவிர்க்க வேண்டும். அது பெரியது சிறியது பார்க்காமல் எல்லா ஓட்டைகளையும் அடைத்துவிடும்.

வெள்ளைப் பசு, வெள்ளை வேட்டி போன்றவற்றுக்கு வெள்ளைக் கரை போட்டால் உருவம் எங்கே முடிகிறது, கரை எங்கே தொடங்குகிறது என்று புரியாது. அங்கே உருவத்துக்கும் கரைக்கும் இடையே 1 அல்லது 2 பிக்சல் சாம்பல் கோடு தேவை. முறை அதேதான்: தேர்வை 2 மட்டும் விரித்துச் சாம்பல் நிறம் நிரப்பிய லேயரை நடுவில் செருகி, அதற்கும் கீழே வெள்ளை லேயரை வைக்க வேண்டும்.

சேமித்தலும் சேர்த்தலும்

File > Export As சென்று கோப்பின் பெயரை .webp என்று முடித்தால் வெப்பி வடிவில் சேமிக்கலாம். 512-க்கு 512 பிக்சலும் நான்கு அளவுகளும் சுருக்கப்படாமல் இருந்தால் சுமார் ஒரு மெகாபைட் வரும்; 100 கிலோபைட் வரம்பு அதில் பத்தில் ஒரு பங்கு. Quality-ஐ 80 அளவில் வைத்தால் ஒரு சாதாரணப் படம் பெரும்பாலும் வரம்புக்குள் அடங்கும். மீறினால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம். படத்தின் அளவை மட்டும் மாற்றக் கூடாது.

கோப்பைக் கணினியிலிருந்து கைப்பேசிக்குக் கொண்டுபோகும் வழியில்தான் பலருடைய உழைப்பு பாழாகிறது. அரட்டையில் அதைச் சாதாரணப் புகைப்படமாக அனுப்பினால், செயலி அதை ஜேபெக்காக மாற்றிவிடும். ஆல்பா போய், ஊடுருவித் தெரிந்த இடம் வெள்ளையாகவோ கறுப்பாகவோ அடைபடும். ஆவணமாக அனுப்ப வேண்டும், அல்லது கேபிள் வழியே நகலெடுக்க வேண்டும்.

வாட்ஸாப்பில் தொகுப்பாகச் சேர்க்க, ஸ்டிக்கர் தொகுப்பு உருவாக்கும் செயலி ஒன்றைப் பயன்படுத்தலாம். ஒரு தொகுப்பில் குறைந்தது 3, அதிகபட்சம் 30 ஸ்டிக்கர்கள் இருக்கலாம்; தொகுப்பின் அடையாளமாக 96-க்கு 96 பிக்சலில் 50 கிலோபைட்டுக்கு மிகாத சிறு படம் ஒன்றும் வேண்டும். டெலிகிராமில் @Stickers என்ற கணக்குக்கு /newpack என்று அனுப்பி, தொகுப்புக்குப் பெயர் சூட்டி, படத்தைக் கோப்பாக அனுப்பி, பொருத்தமான எமோஜி ஒன்றைக் கொடுத்து, /publish என்று முடிக்கலாம். டெலிகிராம் சதுரத்தைக் கட்டாயமாக்குவதில்லை. ஒரு பக்கம் சரியாக 512 இருந்து, மறு பக்கம் அதற்கு மிகாமல் இருந்தால் போதும். ஆகவே வாட்ஸாப்புக்காகச் செய்த சதுரப் படம் அங்கேயும் அப்படியே செல்லும்.