எட்டு வாரத்தில் ஐந்து விநாடி

1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கில் மார்க் ஸ்பிட்ஸ் நீச்சலில் ஏழு தங்கம் வென்றார். அதைப் பார்த்து ஆசை மூண்டவர்களில் ஜான் நேபர் என்ற அமெரிக்கப் பையனும் ஒருவர். அவர் ஆசையோடு நிற்காமல் கணக்குப் போட்டார். அடுத்த ஒலிம்பிக்கில் 100 மீட்டர் மல்லாந்து நீச்சலில் ஜெயிக்க 55.5 விநாடி தேவைப்படும் என்பது அவர் கணிப்பு. அவருடைய வேகமோ 59.5 விநாடி. ஆண்டுக்கு ஒரு விநாடி, மாதத்துக்குப் பத்தில் ஒரு பங்கு என்று பிரித்துக்கொண்டே போய், கடைசியில் பயிற்சி செய்யும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு பங்கு ஒதுக்கினார். 1976இல் மான்ட்ரியாலில் 55.49 விநாடியில் நீந்தி, உலக சாதனையோடு தங்கம் வென்றார்.

உடம்பு இப்படி மாதாமாதம் தவணை கட்டுவதுபோல முன்னேறாது. சில மாதம் நேரம் குறையும், சில மாதம் நகராமல் நிற்கும். அந்தக் கணக்கால் கிடைத்த பயன் வேறு. நான்கு ஆண்டுக்கு அப்பால் இருந்த தங்கம், அன்றைய பயிற்சிக்குள் வந்துவிட்டது.

விளையாட்டு உளவியலில் இலக்கை மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். முதலிடம் பிடிப்பது, அணியில் தேர்வாவது போன்றவை முடிவு இலக்கு. இது பாதி மற்றவர்கள் கையில் இருக்கிறது. இத்தனை விநாடியில் ஓடுவேன் என்பது செயல்திறன் இலக்கு. இதில் போட்டி தன்னோடுதான். ஓடும்போது எதை, எப்படிச் செய்வது என்பது செயல்முறை இலக்கு. இது முழுக்க முழுக்க வீரரின் கையில் இருப்பது. 1997இல் கிங்ஸ்டன், ஹார்டி என்ற இரு ஆய்வாளர்கள் கோல்ஃப் வீரர்களைக் கவனித்தார்கள். ஸ்கோரைக் குறிவைத்தவர்களைவிட, அடிக்கும் முறையைக் குறிவைத்தவர்களின் ஆட்டம் சீக்கிரமே தேறியது. பதற்றத்தைச் சமாளிப்பதிலும் அவர்கள் முன்னேறினார்கள்.

இதைப் பள்ளி மைதானத்துக்குக் கொண்டுவருவோம். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி 800 மீட்டரை 2 நிமிடம் 40 விநாடியில் ஓடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். மாவட்டத் தேர்வுக்கு எட்டு வாரம் இருக்கிறது. தேர்வாவது முடிவு இலக்கு. போன முறை 2:35 ஓடியவர்கள் தேர்வானதால், அதுவே செயல்திறன் இலக்கு. ஐந்து விநாடி எங்கே ஒளிந்திருக்கிறது?

அதைக் காட்டுவது 200 மீட்டருக்கு ஒருமுறை எடுக்கும் நேரம். அவளுடைய நான்கு பகுதிகள் 34, 38, 43, 45 விநாடி. விசில் ஊதியதும் பாய்ந்துவிடுகிறாள், பாதிக்குமேல் கால் கனத்துவிடுகிறது. இவளிடம் “இன்னும் வேகமாக ஓடு” என்றால் முதல் 200ஐ 33இல் ஓடி, இன்னும் மோசமாகத் தளர்வாள். அவளுக்குத் தேவை 38, 39, 39, 39. கூட்டினால் 2:35.

ஆகவே முதல் மூன்று வாரம் ஒரே செயல்முறை இலக்கு: 200 மீட்டரை 38 முதல் 39 விநாடிக்குள் ஓடுவது. வாரம் இரண்டு நாள், ஆறு முறை, நடுவே இரண்டு நிமிட நடை. 36இல் ஓடினாலும் அது தவறியதாகவே கணக்கு. அடுத்த மூன்று வாரம் அதே வேகத்தில் 400 மீட்டர், மூன்று முறை. அதோடு இன்னொரு இலக்கு சேரும்: களைப்பு ஏறும்போது தோளைத் தளர்த்தி, கையை வீசுவது. ஏழாம் வாரம் பயிற்சி கொஞ்சம் குறையும், எட்டாம் வாரம் இன்னும் குறையும். ஒவ்வொரு நாளும் ஓடிய நேரத்தை நோட்டில் எழுதிவைக்க வேண்டும்.

மூன்றாம் வாரமும் ஆறாம் வாரமும் 600 மீட்டர் ஓட வைத்துச் சோதிக்கலாம். மொத்த நேரத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். பழைய ஓட்டத்திலேயே அவள் 600ஐ 1:55இல் கடந்தவள்தான். பார்க்க வேண்டியது மூன்றாவது 200. அது 39இல் நின்றால் திட்டம் சரி. ஆறாம் வாரத்திலும் 41க்குப் போனால், 2:35 இப்போதைக்கு எட்டாது. 39இல் தொடங்கி 2:37க்கு இலக்கை மாற்றுவதே முறை. காய்ச்சலோ காயமோ வந்தாலும் இப்படித்தான். மாற்றாமல் பிடிவாதம் பிடித்தால் குழந்தை தினமும் தோற்றுக்கொண்டிருப்பாள்.

தேர்வு நாளில் அவள் 2:35 ஓடியும், வேறு சிலர் 2:31 ஓடிவிடலாம். பட்டியலில் பெயர் வராது. ஆனாலும் ஐந்து விநாடி குறைந்தது நோட்டில் இருக்கும், அடுத்த பருவம் அங்கிருந்து தொடங்கும்.

உடற்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பிள்ளைகளை 800 மீட்டர் ஓட விடும்போது, ஸ்டாப்வாட்சோடு முடிவுக்கோட்டில் மட்டும் நிற்காதீர்கள். ஒவ்வொரு 200 மீட்டரிலும் ஒரு மாணவரை நிறுத்தி, நேரத்தை உரக்கச் சொல்ல வையுங்கள்.