சோபாவுக்கும் சுவருக்கும் எத்தனை அடி?

டிவி வாங்கப் போகிறவர் கடைக்குக் கிளம்பும் முன் டேப்பை எடுத்து, சோபாவுக்கும் டிவி மாட்டும் சுவருக்கும் இடையே எத்தனை அடி என்று அளந்துகொள்வது நல்லது. பெட்டியில் அச்சிட்ட எண்களில் எதற்குப் பணம் கொடுக்கலாம் என்பதை அந்தத் தூரம்தான் தீர்மானிக்கிறது.

ஹாலில் அந்த இடைவெளி 10 அடி என்று வைத்துக்கொள்வோம். பார்த்து வைத்திருப்பது 43 இன்ச் டிவி. இன்ச் என்பது மூலைக்கு மூலை அளந்த நீளம். திரையின் அகலம் சுமார் 95 செ.மீ. ஃபுல் எச்டி டிவியில் இந்த அகலத்துக்குள் 1,920 புள்ளிகள் இருக்கும், ஒவ்வொன்றும் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். 4கே டிவியில் 3,840 புள்ளிகள். எனவே ஒவ்வொன்றும் அதில் பாதி. நல்ல பார்வை உள்ள கண்ணுக்கும் ஐந்தரை அடியைத் தாண்டினால் அந்த அரை மில்லிமீட்டர் புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஆக, 10 அடியில் உட்கார்ந்திருப்பவருக்கு 4கே தரும் கூடுதல் நுணுக்கம் எட்டாது. அங்கே 4கே டிவி பளிச்சென்று தெரிந்தால், பெரும்பாலும் அதன் பேனலோ வெளிச்சமோதான் காரணம்.

அந்த ஹாலுக்கு எந்த அளவு பொருந்தும்? திரை கண்ணுக்கு முன்னால் 30 டிகிரி அளவுக்கு விரிந்திருக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. இன்ச் அளவை 1.6 ஆல் பெருக்கினால் உட்காரும் தூரம் இன்ச்சிலேயே கிடைத்துவிடும். 43 இன்ச்சுக்கு 6 அடிக்குச் சற்றுக் குறைவு, 55 இன்ச்சுக்கு 7 அடிக்குச் சற்று மேல். 10 அடிக்கு 75 இன்ச் வரை போகலாம். செய்தியும் சீரியலும் மட்டும் பார்க்கும் வீட்டுக்கு அவ்வளவு பெரிது தேவையில்லை. சினிமா பார்ப்பவர்கள்தான் வித்தியாசத்தை உணர்வார்கள்.

பலர் கேட்க மறப்பது பேனல் வகையை. ஐபிஎஸ் பேனலைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாது. ஆனால் இருட்டறையில் கறுப்பு சாம்பலாகத் தெரியும். விஏ பேனலில் கறுப்பு ஆழமாக இருக்கும், ஓரத்தில் உட்கார்ந்தவருக்கோ நிறம் வெளிறிவிடும். ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்ந்து தானே அணைவதால் கறுப்பு முழுக் கறுப்பு. ஆனால் ஒரே சேனலின் லோகோ நாள்தோறும் பல மணி நேரம் ஒரே இடத்தில் நின்றால் அதன் தடம் நிரந்தரமாகப் பதியக்கூடும். கடையின் பளீர் விளக்கில் கறுப்பின் தரத்தைக் கணிப்பது கடினம். நிற மாற்றத்தை அங்கேயே பார்த்துவிடலாம்: படம் ஓடும்போது திரையின் ஓரத்துக்கு நகர்ந்து நின்றால் போதும்.

கணினி மானிட்டரில் கதை தலைகீழ். கண் இரண்டடி தூரத்திலேயே இருப்பதால் 27 இன்ச் ஃபுல் எச்டியில் எழுத்தின் விளிம்பு படிபடியாகத் தெரியும். 4கே எடுத்தால் அது வழவழப்பாகிவிடும். ஆனால் எழுத்து பொடியாகிவிடும் என்பதால், விண்டோஸ் அமைப்பில் அளவை 150 சதவீதம்வரை கூட்டிக்கொள்ள வேண்டியிருக்கும்.