எட்டுப் பேருக்கு நூறு முகவரி போதவில்லை!

எங்கள் கல்லூரிக்கு அண்மையில் ஒரு தேநீர்க் கடை உண்டு. வைபை இணைப்பும் அங்கே இலவசமாதலால் மாணவர்கள் விரும்பிக் கூடுவர். ஒருநாள் நண்பகலில் அங்கு சென்றபோது கடை முதலாளி முகவாட்டத்துடன் காணப்பட்டார்.

"மாஸ்ரர், காலமை எல்லாருக்கும் வேலை செய்யுது. பதினொரு மணிக்குப் பிறகு சிலருக்கு வருது, சிலருக்கு வருதில்லை. சிக்னல் எண்டால் நிறைஞ்சு நிக்குது. றவுட்டரை நிப்பாட்டிப் போட்டால் சரிவரும். நாலு மணித்தியாலம் போகப் பழைய குருடி கதவைத் திறவடி எண்ட கதைதான்!"

ஒரே மேசையில் இரு மாணவர் இருந்தனர். ஒருவன் தங்குதடையின்றிப் படம் பார்த்துக்கொண்டிருந்தான். மற்றவனது கைத்தொலைபேசியோ Obtaining IP address என்ற சொற்களிலேயே நின்றுவிட்டது. விசாரித்தபோது, முதல்வன் அன்று காலை ஒன்பது மணிக்கும் அக்கடைக்கு வந்துபோனவன் என்பது தெரிந்தது. நோயின் மூலத்தைக் காட்டிய குறி அதுவே.

வைபையில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண்முகவரி வேண்டும். அதனை றவுட்டர் இரவலாகக் கொடுக்கிறது. இவ்வழங்கல் முறைக்கு DHCP என்று பெயர். கோயில் திருவிழாவிலே சைக்கிள் காப்பவர் கொடுக்கும் தகட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் நூறு தகடுகளே உண்டு. சைக்கிளை எடுப்பவர் தகட்டைத் திருப்பிக் கொடாது வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டால், இடம் வெறுமையாய்க் கிடந்தாலும் புதிதாக வருபவருக்குக் கொடுக்கத் தகடு இராது. கைத்தொலைபேசியும் கடையை விட்டுப் போகும்போது பெரும்பாலும் சொல்லிக்கொள்ளாமலே போகிறது. ஆகவே இரவற் காலம் முடியும்வரை அம்முகவரியை றவுட்டர் வேறொருவருக்கு வழங்காது.

முதலாளியின் அனுமதியுடன் றவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். முகவரிகள் 192.168.1.100 முதல் 192.168.1.199 வரை, அதாவது 100. இரவற் காலம், அஃதாவது Lease Time, 1440 நிமிடம். ஒரு முழு நாள். பெற்றோர் பட்டியலில் நூறு இடமும் நிரம்பியிருந்தன. கடையிலோ எட்டுப் பேரே இருந்தனர்!

கணக்கு எளியது. மணிக்கு 25 புதிய கைத்தொலைபேசிகள் வருகின்றன என்று கொள்வோம். ஒருவர் 20 நிமிடம் தங்கினால், ஒரே வேளையில் கடையில் இருப்போர் ஏறக்குறைய எட்டுப் பேரே. ஆனால் முகவரியோ ஒரு நாள் முழுதும் பூட்டப்படுகிறது. காலை 7 மணிக்குத் திறந்த கடையில் 11 மணிக்கு நூறும் தீர்ந்துவிடும். அதன்பின் வரும் புதியவருக்கு இல்லை. காலையில் பெற்றவர் மீண்டும் வந்தால் அவருக்கு உண்டு. மறுநாட் காலை, முதல்நாள் கொடுத்தவை ஒவ்வொன்றாக விடுபடுவதால் மீண்டும் 11 மணிவரை குறையில்லை. சிலருக்கு வந்து சிலருக்கு வராத மாயம் இதுவே.

றவுட்டரை நிறுத்திப் போடுவது ஏன் உதவுகிறது? இத்தகைய சிறு றவுட்டர்கள் பலவற்றில் அப்பட்டியல் அதனால் அழிந்துவிடும். பிணி தீர்வதில்லை; நாலு மணித்தியாலம் தள்ளிப்போகிறது. அன்றியும், முன்பு ஒருவர் கையிலுள்ள முகவரியே இன்னொருவருக்கும் போய்ச்சேரும் இடரும் உண்டு.

முகவரிகளைக் கூட்டினால் என்ன? இத்தகைய வலையமைப்பில் றவுட்டர் உட்பட 254 முகவரிகளே உண்டு. 14 மணித்தியாலம் திறந்திருக்கும் கடைக்கு, ஒரு நாள் இரவலின்படி 350 வேண்டும். எனவே முதலிற் குறைக்க வேண்டியது இரவற் காலத்தையே. அதனை 60 நிமிடமாக்கினால் 25 முகவரிகளே ஒரு வேளையில் பூட்டப்பட்டிருக்கும். நெரிசல் வேளையில் மணிக்கு 60 பேர் வந்தாலும் நூறு போதும். நெடுநேரம் இருப்பவருக்கும் இடையூறில்லை; இரவற் காலத்தின் பாதி கழிந்ததும் கைத்தொலைபேசி தானே புதுப்பிக்கக் கேட்கும்.

அன்றிரவு கடை பூட்டியபின் 1440 என்பதை 60 ஆக்கி, பழைய பட்டியல் நீங்க றவுட்டரை ஒருமுறை நிறுத்திப் போட்டோம். காசு கொடுக்கும் கருவிக்கும் காவற் கமராவுக்கும் அந்த நூற்றுக்குப் புறம்பான நிலையான முகவரிகளைக் கொடுத்தோம்.

இம்மருந்து எல்லா நோய்க்கும் ஆகாது. ஏற்கெனவே இணைந்தவர் உட்பட எல்லாருக்கும் வேகம் குன்றினால், பழுதை வெளியிணைப்பிலோ வைபை நெரிசலிலோ தேடவேண்டும். ஒரு மண்டபத்தில் 150 பேர் ஒன்றாக இருந்தால் முகவரிகளையே கூட்டவேண்டும். இணைந்தவர் நலமாயிருக்கப் புதியவர் மட்டுமே வாயிலில் நின்றால், முதலிற் பார்க்க வேண்டியது இரவற் பட்டியல்.

மறுநாள் 12 மணிக்குச் சென்றேன். முதல்நாள் ஏமாந்த மாணவன் படம் பார்த்துக்கொண்டிருந்தான். பட்டியலில் இருந்தவை 27 முகவரிகள்.